ஆளுக்கு 135 லிட்டர் என்றால் என்ன, என் வீட்டு மீட்டர் ஏன் இரண்டு மடங்கு ஓடியது

வார்டு மக்களுக்கு வணக்கம்.

போன முறை மீட்டர் கணக்கெடுத்து பில் கொடுத்த பிறகு குடிநீர்ப் பிரிவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பக்கத்து வீட்டிலும் நாலு பேர், எங்கள் வீட்டிலும் நாலு பேர். அவர்களுக்கு முப்பத்திரண்டு யூனிட், எங்களுக்கு அறுபதா? மீட்டர் பழுது சார், மாத்திக் கொடுங்க." சிலர் கோபமாகக் கேட்டார்கள், ஒரு அம்மா அழாத குறை. ஒவ்வொருவருக்கும் நின்றபடியே பதில் சொன்னதில் எனக்கும் திருப்தியில்லை, கேட்டவர்களுக்கும் இருந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வருடம் இதே கேள்வி என் சொந்த வீட்டிலேயே வந்தது. குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறவன் வீட்டு மீட்டரே இரண்டு மடங்கு ஓடியது. அந்தக் கதையையும் சொல்கிறேன், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மீட்டர் முகப்பில் கறுப்பு எண்களும் சிவப்பு எண்களும் இருக்கும். கறுப்பு எண் கன மீட்டர் கணக்கு, சிவப்பு அதற்குள் உள்ள லிட்டர் கணக்கு. எங்கள் ஆள் வந்து எழுதிக்கொண்டு போவது கறுப்பு எண்ணை மட்டும்தான். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர், அதைத்தான் பில்லில் ஒரு யூனிட் என்கிறோம். இந்த முறை எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழித்தால் யூனிட். அதை ஆயிரத்தால் பெருக்கி, இடையில் உள்ள நாட்களால் வகுத்து, பிறகு வீட்டில் இருக்கும் ஆட்களால் வகுத்தால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். என் வீட்டில் நாலு பேர். வழக்கமாக 60 நாளுக்கு 34 யூனிட் வரும். 34,000 லிட்டரை 60 நாளால் வகுத்தால் 567, அதை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 142 லிட்டர். அவ்வளவுதான் கணக்கு, செல்போனில் ஒரு நிமிட வேலை.

ஆனால் பெரும்பாலானவர்கள் கடைசி வகுத்தலைச் செய்வதில்லை. வீட்டோடு வீட்டை ஒப்பிடுகிறார்கள். மாடியில் ஒரு வாடகைக் குடும்பம், கீழே தாத்தா பாட்டியோடு ஆறு பேர் என்று பத்துப் பேர் ஒரே இணைப்பில் இருக்கும் வீடு நாளுக்கு 1100 லிட்டர் எடுத்தால் அது சிக்கனமான வீடு. கணவன் மனைவி மட்டும் இருக்கிற வீட்டில் 600 லிட்டர் ஓடினால் அங்கேதான் எங்கேயோ கோளாறு. யூனிட்டை மட்டும் பார்த்தால் பத்துப் பேர் வீடு குற்றவாளி மாதிரித் தெரியும். பில்லில் நாங்கள் ஆள் எண்ணிக்கை போடுவதில்லை, அது எங்களிடம் சரியாக இருப்பதும் இல்லை. அதனால் இந்தக் கடைசி வகுத்தலை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

சரி, 142 என்பது அதிகமா குறைவா? இங்கேதான் 135 என்ற எண் வருகிறது. பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கிடைக்கும்படி குடிநீர்த் திட்டத்தை வடிவமைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் குடிநீர்ப் பொறியியல் கையேடு வைத்திருக்கும் அளவு. பெருநகரங்களுக்கு 150. குழாய்த் தண்ணீர் உண்டு, பாதாளச் சாக்கடை இல்லை என்றால் 70 போதும் என்கிறது அதே கையேடு. சாக்கடை வந்தால் ஏன் தண்ணீர் இரட்டிப்பாக வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. கழிவை உருட்டிக்கொண்டு போக குழாய்க்குள் தண்ணீர் ஓட்டம் வேண்டும், ஓட்டம் குறைந்தால் கழிவு தங்கி அடைத்துக்கொள்ளும். நாம் ஊற்றும் தண்ணீர்தான் அதற்கு வண்டி.

இந்த 135ஐ எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் யாருக்கும் ஆச்சரியம் வரும். குடிக்க 5, சமையலுக்கு 5. குளிக்க 55. கழிவறைக்கு 30. துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவித் துடைக்க 10. அதாவது நாம் "குடிநீர்" என்று சொல்லிக்கொண்டிருப்பதில் வாய்க்குள்ளும் அடுப்பிலும் போவது பத்து லிட்டர்தான். குளியலும் கழிவறையும் சேர்ந்து 85 லிட்டர், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. எனவே ஒரு வீட்டுப் பயன்பாடு இரண்டு மடங்காகிறது என்றால் காபி இரண்டு தடவை போட்டதால் இருக்க முடியாது. குளியலறை, கழிவறை, அப்புறம் தொட்டிகள், இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 135 என்பது யாரும் அளந்து கண்டுபிடித்த சராசரி அல்ல, திட்டம் போடுகிறவர்கள் வைத்துக்கொண்ட அளவு. சராசரி வேறு. சராசரியை நம்புவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரு தெருவில் பத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வீட்டில் நாளுக்கு 500 லிட்டர், பத்தாவது வீட்டில் 2500 லிட்டர். மொத்தம் 7000, பத்தால் வகுத்தால் தெருவின் சராசரி 700. ஆனால் அந்தத் தெருவில் 700 லிட்டர் செலவழிக்கும் வீடு ஒன்றுகூட இல்லை! ஒன்பது வீட்டுக்காரர்களும் "நாம் சராசரிக்குக் கீழேதான்" என்று நிம்மதியாக இருப்பார்கள், ஒரே ஒரு ஓட்டைத் தொட்டி தெருவின் சராசரியையே தூக்கிவிட்டிருக்கும். அந்தப் பக்கம் இன்னொன்றும் நடக்கும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கிறவர்கள் குளிக்க, துவைக்க எல்லாம் அதையே எடுத்துக்கொண்டு, சமையலுக்கு மட்டும் நம் குழாயைத் திறப்பார்கள், மீட்டரில் ஐந்து யூனிட் காட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் பூஜ்யம் காட்டும். இவையெல்லாம் சராசரியைக் கீழே இழுக்கும். ஆகவே பக்கத்து வீட்டு முப்பத்திரண்டு யூனிட்டை வைத்து உங்களை அளக்காதீர்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் போர் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குச் சரியான அளவுகோல் உங்கள் வீட்டின் பழைய பில்தான்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன வருடம் ஒரு பில்லில் 34க்குப் பதிலாக 66 யூனிட் வந்தது. அதே 60 நாள், அதே நாலு பேர், விருந்தாளி யாரும் வரவில்லை. நாளுக்கு 1100 லிட்டர், ஆளுக்கு 275. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 533 லிட்டர் கூடுதல். என் மனைவி முதலில் சந்தேகப்பட்டது மகனின் ஷவர் குளியலை, நான் சந்தேகப்பட்டது வாஷிங் மெஷினை. இரண்டு பேரும் தவறு.

வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் லிட்டரில் போட்டுப் பார்த்தால்தான் எது பெரியது எது சின்னது என்று தெரியும். ஷவரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்து லிட்டர் வரும், பத்து நிமிடம் நின்றால் நூறு லிட்டர். வாளிக் குளியல் என்றால் இரண்டு வாளி, நாற்பது லிட்டருக்குள் முடிந்துவிடும். ஆக மகன் ஒருவன் ஷவருக்கு மாறியதால் கூடுவது அறுபது லிட்டர். மேலே துணி போடும் வாஷிங் மெஷின் ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும், முன்னால் கதவு வைத்தது அதில் பாதிதான் எடுக்கும். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்குத் தள்ளும். நாளுக்குப் பத்து லிட்டர் பிடித்தால் முப்பது லிட்டர் வீண் என்று வைத்துக்கொள்ளலாம், அதை வாளியில் பிடித்து வாசல் தெளிக்கலாம். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவைப்பது பற்றி நாங்களே ஊரெல்லாம் தட்டி வைத்திருக்கிறோம். தவறில்லை. ஆனால் ஆளுக்கு இருபது லிட்டர் சமாச்சாரம் அது. வீட்டில் இருக்கிற எல்லாப் பழக்கங்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போனாலொழிய ஒரே பில்லில் 533 லிட்டர் கூடாது. பழக்கம் மெல்ல மாறும், பில்லும் மெல்ல ஏறும். திடீரென்று இரண்டு மடங்கானால் அது ஒழுகல். அல்லது மீட்டரும் பில்லும் சம்பந்தப்பட்ட ஒன்று.

மீட்டர் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன், உங்களில் பலர் கேட்டது அதைத்தான். முதலாவது, போன முறை உங்கள் வீடு பூட்டியிருந்ததா? பூட்டியிருந்தால் எங்கள் ஆள் உத்தேசமாக ஒரு எண் போட்டிருப்பார். அது குறைவாக இருந்தால், விட்டுப்போனதும் சேர்ந்து இந்தப் பில்லில் வரும். பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், இதற்கு அலுவலகம் வரத் தேவையில்லை. இரண்டாவது காற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிறோம் இல்லையா, இடைப்பட்ட நேரத்தில் தெருக்குழாய் காலியாகி உள்ளே காற்று நிறைந்துவிடும். வால்வைத் திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் வரும், புஸ்ஸென்று சத்தம் கேட்கும், மீட்டர் சக்கரமும் சுற்றும். இது உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். நான்கு அங்குலத் தெருக்குழாய் அரை கிலோமீட்டர் நீளம் முழுதும் காலி என்றாலும் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 4000 லிட்டர் அளவுதான். ஐம்பது வீட்டுக்குப் பிரிந்தால் ஒரு தடவைக்கு 80 லிட்டர், 60 நாளில் முப்பது தடவை தண்ணீர் வந்தால் இரண்டரை யூனிட்டுக்குள். எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரியாது, மேட்டில் இருக்கிற வீட்டுக்கும் குழாய் முடியும் இடத்து வீட்டுக்கும் அதிகமாகப் போகும், வேகமாக வரும் காற்று சக்கரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றும். அப்படிப்பட்ட வீடு என்றால் மனு கொடுங்கள், தெருக்குழாயின் மேட்டுப் பகுதியில் காற்றுப்போக்கி வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. ஆனால் முப்பது யூனிட் கூடியதைக் காற்றின் தலையில் போட முடியாது.

மூன்றாவதாக மீட்டரே தவறாக ஓடுவது. பழைய மீட்டர்கள் பெரும்பாலும் தேய்ந்துபோய்க் குறைவாகத்தான் காட்டும், மெல்ல வரும் தண்ணீரைக் கவனிக்கவே கவனிக்காது. சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். தண்ணீர் வரும் நேரத்தில் மீட்டருக்கு அடுத்த குழாயில் 20 லிட்டர் குடத்தையோ வாளியையோ ஐந்து தடவை நிரப்புங்கள், மற்ற எதுவும் ஓடக்கூடாது. சிவப்பு எண் நூறு லிட்டர் நகர்ந்திருக்க வேண்டும். வாளி அளவில் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். நூற்றைம்பது நகர்ந்தால் மீட்டரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். என் மீட்டர் நூற்று இரண்டு காட்டியது. அதாவது தண்ணீர் உண்மையிலேயே வீட்டுக்குள் வந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் நம் ஊர் வீடுகள் கொஞ்சம் வித்தியாசம். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தரும் ஒரு சோதனை உண்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், சுற்றினால் ஒழுகல் என்று. நம் வீடுகளில் அது பாதிக்கு மேல் உதவாது. நமக்கு மீட்டரிலிருந்து தண்ணீர் நேரே குழாய்க்குப் போவதில்லை. முதலில் சம்ப், அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டி, அங்கிருந்து குழாய்கள். தண்ணீர் விடாத நாளில் மீட்டர் பொம்மை மாதிரி நிற்கும், உள்ளே சம்ப் ஓட்டையாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று துண்டாகப் பிரித்துத் தேட வேண்டும். மீட்டருக்கும் சம்புக்கும் நடுவே, சம்புக்குள், மாடித் தொட்டியும் அதற்குக் கீழே உள்ளவையும்.

முதல் துண்டுக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் உட்கார வேண்டும். சம்புக்குள் தண்ணீர் விழும் இடத்தில் மிதவை வால்வு இருக்கும், பந்து மாதிரி ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டே மேலே வந்து குழாயை அடைக்கும். அந்தப் பந்தைக் கையால் மேலே தூக்கிக் கயிறு போட்டுக் கட்டுங்கள். தண்ணீர் விழுவது நின்றதும் மீட்டரும் நிற்க வேண்டும். சம்பில் ஒரு சொட்டும் விழவில்லை, மீட்டர் மட்டும் ஓடுகிறது என்றால் நடுவில் மண்ணுக்குள் குழாய் உடைந்திருக்கிறது. மாறாக, பந்து மேலே வந்த பிறகும் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகினால் வால்வின் வாஷர் போய்விட்டது, சம்ப் நிரம்பிய பிறகும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். இது சின்னச் செலவு. மீட்டருக்கு இந்தப் பக்கம் உடைந்தால் செலவும் தண்ணீரும் உங்கள் கணக்கு, அந்தப் பக்கம் உடைந்தால் எங்கள் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் பந்தைத் தூக்கியதும் மீட்டர் நின்றது. முதல் துண்டு சுத்தம்.

மூன்றாவது துண்டை இரண்டாவதுக்கு முன்னால் பார்த்தேன், சுலபம் என்பதால். மாடித் தொட்டியை ராத்திரி முழுவதும் நிரப்பி வைத்து, அதிலிருந்து இறங்கும் வால்வை மூடிவிட்டுப் படுத்தோம். காலையில் மட்டம் அப்படியே இருந்தது, தொட்டி நன்றாக இருக்கிறது. மறுநாள் இரவு வால்வைத் திறந்து வைத்தோம், யாரும் தண்ணீர் தொடவில்லை, அப்போதும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது கழிவறை. ஃப்ளஷ் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் பீங்கான் ஓரமாக ஒட்டிக்கொண்டே இறங்கும், கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது, தொட்டி தன்பாட்டுக்கு நிரப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். ஃப்ளஷ் தொட்டியில் நாலைந்து சொட்டு விட்டு அரைமணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசினில் நீலம் இறங்கியிருந்தால் வாஷரை மாற்றுங்கள். நாங்கள் போய்ப் பார்க்கிற வீடுகளில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான், குழாய் சொட்டுவதைவிடப் பல மடங்கு தின்னும். குழாய் நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு இருபது லிட்டர் சொச்சம், அந்தச் சத்தத்துக்கு நமக்குத் தூக்கம் வராது. சத்தமே இல்லாத ஃப்ளஷ் நூற்றுக்கணக்கில் கொண்டுபோகும், நாம் குறட்டை விட்டுக்கொண்டிருப்போம்.

மாடித் தொட்டியில் இன்னொன்று, வழிவு. மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியலில் உட்கார்ந்துவிடுவது. வீட்டு மோட்டார் நிமிடத்துக்கு முப்பது நாற்பது லிட்டர் ஏற்றும், பத்து நிமிடம் மறந்தால் முந்நூறு நானூறு லிட்டர். பழைய வீடுகளில் வழிந்தால் முற்றத்தில் கொட்டும், பக்கத்து வீட்டு அம்மா "மோட்டாரை நிறுத்துங்க" என்று குரல் கொடுப்பார். இப்போது வழிவுக் குழாயை நேராக மழைநீர்க் குழாயில் சேர்த்துவிடுகிறார்கள், சத்தமும் இல்லை, குரல் கொடுக்க ஆளும் இல்லை. கட்டும்போதே வழிவுக் குழாயைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விடுங்கள் என்று நான் சொல்லாத கட்டட மேஸ்திரி இல்லை.

மிச்சம் இருந்தது சம்ப். என் வீட்டுச் சம்ப் உள்ளளவு இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், 4500 லிட்டர் கொள்ளும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் மூன்று சதுர மீட்டர். அதாவது தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு எண்ணை உங்கள் சம்புக்கும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ரொம்ப உபயோகம். தண்ணீர் வந்து சம்ப் நிரம்பிய அன்று இரவு பத்து மணிக்கு, மிதவையைக் கட்டிவிட்டு, மோட்டாருக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் தண்ணீர் கோட்டுக்கு ஒன்பது சென்டிமீட்டர் கீழே. எட்டு மணி நேரத்தில் 270 லிட்டர், மணிக்கு 34. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு நாளைக்குப் பெருக்கினால் 810 லிட்டர் வருகிறதே, பில்லில் கூடியது 533 தானே என்று கவனமாகப் படிப்பவர் கேட்பார். நிரம்பிய சம்பில் வெடிப்பின் மேல் அழுத்தம் அதிகம், தண்ணீர் வேகமாகப் போகும். நாம் எடுக்க எடுக்க, ஒழுக ஒழுக மட்டம் இறங்கும், அழுத்தம் குறையும், ஒழுகலும் மெதுவாகும். எட்டு மணி நேரத்தில் எடுத்த அளவு எப்போதும் உச்ச அளவுதான். மட்டம் வெடிப்புக்குக் கீழே போய்விட்டால் ஒழுகல் முற்றிலும் நின்றுவிடும். வெடிப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் இதையேதான் பயன்படுத்தினோம். தண்ணீர் வந்த இரண்டு முறையும் மிதவையைக் கட்டியே வைத்து, உள்ளே இருப்பதை மட்டும் செலவழித்து, ஒவ்வொரு இரவும் கோடு போட்டோம். முதல் இரவு ஒன்பது சென்டிமீட்டர், அடுத்தடுத்த இரவுகளில் ஏழு, நாலு என்று குறைந்துகொண்டே வந்தது. சம்பின் அடித்தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே மட்டம் வந்த இரவு கோடு அசையவே இல்லை. அப்படியென்றால் ஓட்டை அந்த உயரத்தில்தான். சம்பைக் காலி செய்து கொத்தனார் உள்ளே இறங்கினார், சரியாக அந்த இடத்தில் மூலையில் முடி மாதிரி ஒரு விரிசல், அதிலிருந்து சின்ன வேர் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வேப்பமரம். நாளுக்கு 500 லிட்டர் குடித்துவிட்டு நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.

(சம்புக்குள் இறங்குவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாள்கணக்கில் மூடிக் கிடந்த சம்பில் பிராணவாயு குறைந்திருக்கும், உள்ளே இறங்கி மயங்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. மூடியை முழுதாகத் திறந்து, நெடுநேரம் காற்றாட விட்டு, வெளியே ஓர் ஆள் நிற்கும்போதுதான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவர் குதிக்கக் கூடாது, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.)

விரிசலை வெட்டி அகலப்படுத்தி, நீர்க்கசிவு தடுக்கும் கலவை சேர்த்துப் பூசினார்கள். ஒரு வாரம் ஆற விட்டுத் தண்ணீர் நிரப்பி மறுபடி கோடு போட்டேன், அசையவில்லை. அடுத்த பில் 35 யூனிட். வேரை வெட்டிவிட்டோம், மரத்தை வெட்டவில்லை, அதனால் இன்னும் சில வருடத்தில் மறுபடி இதே வேலை வரும் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோடு போட்டுப் பார்க்கிறேன்.

ஒழுகலே இல்லாமல் அதிகம் செலவழிக்கும் வீடுகளும் உண்டு. பெரும்பாலும் செடிகள். தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் நூறு சதுர மீட்டர் புல்தரைக்கு 500 லிட்டர், என் வேப்பமரம் குடித்த அதே அளவு. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள், டியூஷன் நடத்துகிறவர்கள், படுக்கையில் வயதானவர் இருக்கும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, இவர்கள் ஆள் கணக்கில் 135க்குள் நிற்க மாட்டார்கள், அதில் தவறும் இல்லை. வணிக உபயோகம் என்றால் இணைப்பை மாற்ற வேண்டும், அது தனிப் பேச்சு, நேரில் வாருங்கள்.

ஒரு வேண்டுகோள், அல்லது ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 200 லிட்டருக்கு மேல் வருகிறவர்கள் அலுவலகம் வரும்போது மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசி மூன்று பில்லின் யூனிட், வீட்டில் எத்தனை பேர், சம்பின் நீள அகலம். கூடவே ஓர் இரவு கோடு போட்டுப் பார்த்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்றும் எழுதினால் நாங்கள் எந்தத் துண்டிலிருந்து தேட வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவோம். கோடு அசையவில்லை, நீலம் இறங்கவில்லை, பந்தைத் தூக்கினால் மீட்டர் நிற்கிறது, ஆனாலும் பில் அதிகம் என்றால் அப்போது மீட்டரைக் கழற்ற நானே ஆள் அனுப்புகிறேன். செவ்வாய், வெள்ளி காலையில் இருக்கையில் இருப்பேன், மற்ற நாளில் எங்காவது பள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உதவிப் பொறியாளர், குடிநீர்ப் பிரிவு